டைம் அவுட்: ஒரே ஹால் இருக்குற வீட்டுல எப்படி சரியா குடுக்குறது

போன்ல ஒரு வீடியோ பாத்தா "குழந்தைய அடிக்காதீங்க, டைம் அவுட் குடுங்க"ன்னு ஒரு டாக்டர் சொல்றாங்க, அடுத்த வீடியோவுலயே "டைம் அவுட் குடுத்தா குழந்தை மனசு ஒடைஞ்சிடும்"னு இன்னொருத்தர் சொல்றாங்க, இதுல எத நம்புறதுன்னு பல பேரு குழம்பிப் போயிருக்காங்க. அதுக்கு மேல நம்ம வட சென்னைப் பக்கத்துல இன்னொரு கஷ்டம் இருக்கு. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடின்னு எங்க போனாலும் நிறைய வீடு ஒரு ஹால், ஒரு கிச்சன், அவ்ளோதான், அதுல ஆயா தாத்தாவும் கூட இருப்பாங்க, தனி ரூம்ல உக்கார வைங்கன்னு வீடியோவுல சொன்னா அந்த ரூமுக்கு எங்க போறது.

தனி ரூம் இல்லாமலே இத சரியா செய்ய முடியும். ஆனா அதுக்கு டைம் அவுட் எதனால வேலை செய்யுதுன்னு முதல்ல புரியணும், அது புரிஞ்சா எவ்ளோ நேரம், எந்தக் குரல்ல, எது தப்புன்னு மத்ததெல்லாம் தானா வெளங்கிடும்.

## டைம் அவுட்னா என்ன

இந்த வார்த்தை குழந்தை வளர்ப்புல பொறந்தது இல்ல. 1950கள்ல அமெரிக்காவுல உளவியல் ஆராய்ச்சி பண்றவங்க புறாவ வெச்சு சோதனை பண்ணிட்டு இருந்தாங்க. புறா ஒரு பட்டனைக் கொத்துனா தானியம் கெடைக்கும், தப்பா கொத்துனா கொஞ்ச நேரத்துக்கு வெளக்கு அணைஞ்சிடும், அந்த நேரத்துல எத்தனை தடவை கொத்துனாலும் தானியம் வராது. புறாவுக்கு வலிக்கிற மாதிரி எதுவும் பண்ணல, கெடைச்சிட்டு இருந்த நல்லது கொஞ்ச நேரம் நின்னுச்சு, அந்த நிறுத்தத்தாலயே தப்பு கொறைஞ்சது. சார்லஸ் ஃபெர்ஸ்டர்னு ஒருத்தர் 1958ல புறாவையும் சிம்பன்சியையும் வெச்சு இத பத்தி எழுதுனார். 1960கள்ல ஆர்தர் ஸ்டாட்ஸ் மாதிரி ஆளுங்க இத குழந்தைங்ககிட்ட கொண்டு வந்தாங்க, ஸ்டாட்ஸ் தன் சொந்தப் பொண்ணுகிட்டயே செஞ்சு பாத்தார்.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். சின்னக் குழந்தைக்கு அந்த தானியம் எது? பொம்மை, டிவி எல்லாம் உண்டுதான், ஆனா எல்லாத்தையும் விட பெருசு நம்ம மூஞ்சி, நம்ம குரல், நம்ம கவனிப்பு. இதுல நம்மளுக்கு புரியாத ஒரு விஷயம் என்னன்னா, திட்டுறதும் கவனிப்புதான். அம்மா கிச்சன்ல ஓடிட்டு இருக்காங்க, அப்பா போன்ல இருக்காரு, தம்பி தலையில ஒண்ணு போட்டா மட்டும் ரெண்டு பேரும் ஓடி வந்து அஞ்சு நிமிஷம் தன்கிட்டயே பேசுறாங்கன்னா குழந்தைக்கு அது லாபம்தான். குழந்தைய ஒரு சேர்ல உக்கார வெச்சு அந்த லாபத்த ஒரு சின்ன நேரத்துக்கு நிறுத்துறதுதான் டைம் அவுட்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் உடனே தெரியுது.

1. நிறுத்துறதுக்கு முன்னாடி ஏதாவது ஓடிட்டு இருக்கணும். நாள் முழுக்க குழந்தைகிட்ட யாரும் ஒக்காந்து பேசல, வெளையாடல, நல்லது பண்ணும்போது கண்டுக்கலன்னா டைம் அவுட்ல எடுக்குறதுக்கு எதுவுமே இல்ல. அதனாலதான் இத சொல்லிக் குடுக்குறவங்க பல பேரு முதல் வாரம் டைம் அவுட்டே ஆரம்பிக்க விடாம, தினமும் 5 இல்ல 10 நிமிஷம் போனைக் கீழ வெச்சுட்டு குழந்தை சொல்ற வெளையாட்ட வெளையாடுங்கன்னு சொல்லுவாங்க.

2. வலியோ, பயமோ, அவமானமோ இதுக்கு தேவையே இல்ல. பாத்ரூம்ல போட்டு பூட்டுறது, முட்டி போட வைக்கிறது, வாசல்ல நிக்க வெச்சு லைன்ல எல்லாரும் பாக்க விடுறது, "பூச்சாண்டி வந்து தூக்கிட்டு போயிடுவான்"னு லைட்ட அணைக்கிறது, இது எதுவும் டைம் அவுட் கெடையாது. பேரு மட்டும் அத வெச்சுக்கிட்டா ஆயிடாது.

டைம் அவுட் கெடுதல்னு ஒரு பேச்சு ஓடுதே, அது பெருசா கெளம்புனது 2014ல அமெரிக்கப் பத்திரிகையில வந்த ஒரு கட்டுரையால. அத எழுதுனவங்களே அப்புறம் வெளக்கம் குடுத்தாங்க, தப்பா, அடிக்கடி, கோவத்தோட குடுக்குற டைம் அவுட்ட பத்திதான் சொன்னோம்னு. அந்த வெளக்கம் முதல் தலைப்பு அளவுக்கு பரவல, அதனாலதான் இன்னும் ரெண்டு விதமா வீடியோ வருது.

## யாருக்கு, எதுக்கு

ஏறக்குறைய 2 வயசு முடிஞ்சதுல இருந்து 7, 8 வயசு வரைக்கும். ரெண்டுக்கு கீழ இருக்குற குழந்தைக்கு நான் செஞ்சதுக்கும் இங்க உக்காந்திருக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு புரியாது, தூக்கி வேற எடத்துல விட்டு வேற பொம்மை குடுத்தா போதும்.

எல்லா சேட்டைக்கும் இத எடுக்கக் கூடாது, ஒண்ணு ரெண்டு விஷயத்துக்கு மட்டும்தான். பொதுவா அது ரெண்டு வகை. முதல் வகை அடிக்கிறது, கடிக்கிறது, பொருள எடுத்து வீசுறது. இதுக்கு வார்னிங் கெடையாது, அடிச்ச உடனே டைம் அவுட். ரெண்டாவது வகை, தெளிவா சொன்ன ஒரு வேலைய புரிஞ்சும் செய்ய மாட்டேன்னு நிக்கிறது. இதுக்கு ஒரே ஒரு வார்னிங் உண்டு.

சாப்பாடு வேணாம்னு சொல்றது, படுக்கையில ஒண்ணுக்கு போறது, தண்ணி கொட்டிட்டது, இருட்டுக்கு பயந்து அழறது, தூக்கம் வந்து நச்சரிக்கிறது, காய்ச்சல்ல சிணுங்குறது, இதுக்கெல்லாம் டைம் அவுட் குடுத்தா அது அநியாயம், எந்தப் பலனும் இல்ல. வருத்தத்துல அழற குழந்தைக்கு மடி வேணும், சேர் வேணாம்.

## எவ்ளோ நேரம்

ஊர்ல எல்லாரும் சொல்ற கணக்கு வயசுக்கு ஒரு நிமிஷம், 3 வயசுன்னா 3 நிமிஷம், 4 வயசுன்னா 4. ஞாபகம் வெச்சுக்க சுலபமா இருக்குற கணக்கு அது, அவ்ளோதான், ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆனா ஒண்ணும் கெட்டுடாது. 2ல இருந்து 5 நிமிஷத்துக்குள்ள முடிச்சிடணும்னு வெச்சுக்கிட்டா போதும். குழந்தைக்கு 6 வயசானாலும் 5 நிமிஷம் தாண்ட வேணாம்.

நேரத்த ஏத்துனா நல்லா ஒறைக்கும்னு நெனைக்கிறது ரொம்ப சகஜம், அது நடக்குறது இல்ல. 1972ல ஒரு ஆராய்ச்சியில 1 நிமிஷம், 15 நிமிஷம், 30 நிமிஷம்னு மூணையும் ஒப்பிட்டு பாத்தாங்க. 15க்கும் 30க்கும் பெரிய வித்தியாசம் தெரியல. முதல்லயே 1 நிமிஷம் குடுத்தவங்களுக்கு அது வேலை செஞ்சது, ஆனா நீளமான நேரத்த முதல்ல பாத்துட்டு அப்புறம் 1 நிமிஷம் குடுத்தா அவ்ளோவா எடுபடல. இன்னைக்கு கோவத்துல அரை மணி நேரம் உக்கார வெச்சுட்டீங்கன்னா நாளைக்கு 4 நிமிஷத்தோட மதிப்ப நீங்களே கொறைச்சிட்டீங்கன்னு அர்த்தம்.

முடியுற நேரத்த பத்தி ஒரு சின்ன விதி இருக்கு. டைமர் அடிக்கும்போது குழந்தை கத்திட்டு இருந்தா உடனே எழுப்பக் கூடாது, ஒரு 5 செகண்ட் சத்தம் அடங்குற வரைக்கும் காத்திருந்து அந்த அமைதியில எழுப்பணும். கத்துனா வெளிய விடுவாங்கன்னு கத்துக்காம, அடங்குனா விடுவாங்கன்னு கத்துக்கணும் இல்லயா, அதுக்குதான். ஆனா 4 நிமிஷமும் வாய மூடிட்டே இருக்கணும்னு எதிர்பாக்காதீங்க, நடுவுல அழுவான், மூக்க சிந்துவான், தனக்குள்ள பேசிப்பான், அது பரவால்ல. சேர்ல இருந்து எறங்காம இருந்தா அதுவே போதும்.

## ஒரு சாயங்காலம், முழுசா

ஒரு வீட்ட மனசுல வெச்சுக்குவோம். கொருக்குப்பேட்டையில லைன் வீடு, ஒரு ஹால், ஒரு சின்ன கிச்சன். 4 வயசு பையன், ஒன்றரை வயசு தங்கச்சி, அம்மா, அப்பா, ஆயா. ராத்திரி எட்டு மணிக்கு ஹால்லதான் சாப்பாடு, அப்புறம் அங்கயேதான் பாய் விரிக்கணும், ஆனா தரை முழுக்க கார் பொம்மை. தினமும் அம்மா பத்து தடவை சொல்லி, கத்தி, கடைசியில முதுகுல ஒண்ணு வெச்சு, அப்புறம் அவங்களே எடுத்து வெக்கிறாங்க.

முதல்ல எடம் பாக்கணும். டிவியும் பொம்மையும் கண்ணுக்கு படாத ஒரு மூலை, பீரோ பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டா போதும். அடுப்பு பக்கம், பாத்ரூம், மொட்ட மாடி, வாசல் இதெல்லாம் வேணாம், பெரியவங்க கண்ணுல இருக்கணும், ஆனா போரடிக்கணும். தூங்குற பாயும் வேணாம், தூங்குற எடத்த தண்டனை எடமா ஆக்கிடக் கூடாது. தனி ரூம் இல்லாத கொறைய ஒரே ஒரு விஷயத்தால சரி பண்ணிடலாம், அந்த 4 நிமிஷம் டிவி ஆஃப், வீட்டுல இருக்குற எல்லாரும் அவன் பக்கம் பாக்காம அவங்கவங்க வேலைய பாக்கணும். வாசல் கதவ கொஞ்சம் சாத்திக்கிட்டா போற வர்றவங்க எட்டிப் பாத்து "என்னடா செல்லம் ஆச்சு"ன்னு கேக்க மாட்டாங்க.

அடுத்தது ஒத்திகை. சண்டை இல்லாத ஒரு காலையில, வயிறு ரொம்பி இருக்கும்போது, சேர காட்டி "அம்மா சொன்னத செய்யலன்னா இங்க கொஞ்ச நேரம் உக்காரணும், போன்ல மணி அடிச்சு நீ அமைதியா இருந்தா வந்துடலாம்"னு சொல்லி, பொம்மைய உக்கார வெச்சு வெளையாட்டா ஒரு தடவை செஞ்சு காட்டணும். கோவம் வந்த நேரத்துல முதல் தடவையா இத வெளக்குனா எதுவுமே காதுல ஏறாது.

இப்ப அந்த சாயங்காலம்.

1. 7.40க்கு அம்மா கிட்ட போயி, அவன் ஒசரத்துக்கு குனிஞ்சு, ஒரே வேலைய சொல்றாங்க: "கார எல்லாம் பக்கெட்ல போடு." "போடுறியா கண்ணு?"ன்னு கேள்வியா கேக்கல, கேட்டா மாட்டேன்னு சொல்ற உரிமை அவனுக்கு வந்துடும். கிச்சன்ல இருந்து கத்தவும் இல்ல.

2. மனசுக்குள்ள 5 எண்ணுறாங்க. வாய் பேசக் கூடாது. இந்த அஞ்சு செகண்ட் ரொம்ப நீளமா தெரியும், அதுக்குள்ள இன்னொரு தடவை சொல்லிடணும்னு நாக்கு துடிக்கும்.

3. அவன் கார ஓட்டிட்டே இருக்கான். ஒரே வார்னிங்: "பக்கெட்ல போடலன்னா சேர்ல உக்காரணும்." திரும்ப 5 எண்ணுறாங்க.

4. ஒரு கார எடுத்து போட்டுட்டு அடுத்தத எடுக்குறான்னா "சமத்து, சொன்ன உடனே எடுக்குறியே"ன்னு சொல்லிட்டு கூட உக்காந்துடலாம், கதை அங்கயே முடிஞ்சது. ஆனா இன்னைக்கு "போ, மாட்டேன்"னு கார வீசுறான்.

5. "சொன்னத செய்யல, சேர்ல உக்காரு." இவ்ளோதான் வசனம். கைய புடிச்சு கூட்டிட்டு போறாங்க, வரலன்னா முதுகு தன் பக்கம் இருக்குற மாதிரி தூக்கிட்டு போறாங்க, பேச்சு இல்ல, கொஞ்சலும் இல்ல, தரதரன்னு இழுக்குறதும் இல்ல.

6. அவன் உக்காந்த பிறகுதான் போன்ல 4 நிமிஷம் டைமர். அம்மா ரெண்டு அடி தள்ளி வெங்காயம் உரிக்க உக்காந்துக்கிறாங்க, பார்வை வெங்காயத்து மேல, ஓரக் கண்ணு அவன் மேல. "நீ கெட்ட அம்மா"ங்குறான், தண்ணி வேணும்ங்குறான், ஒண்ணுக்கு வருதுங்குறான். கெட்ட அம்மாவுக்கு பதில் இல்ல. பாத்ரூம் மட்டும், இப்பதான் போயிட்டு வந்தான்னு தெரிஞ்சா கண்டுக்காம இருந்துடலாம், சந்தேகமா இருந்தா பேசாம கூட்டிட்டு போயி திரும்ப உக்கார வைக்கலாம்.

7. மணி அடிக்கும்போது விசும்பிட்டு இருக்கான், சத்தம் அடங்கி 5 செகண்ட் ஆனதும் அம்மா கிட்ட வந்து "இப்ப அமைதியா இருக்க. கார பக்கெட்ல போட ரெடியா?"ன்னு கேக்குறாங்க.

8. அவன் எறங்கி கார எடுத்து போடுறான். "சரி." அதுக்கு மேல பேச்சு வேணாம். ரெண்டு நிமிஷம் கழிச்சு "தட்ட எடுத்துட்டு வா"ன்னு ஒரு சின்ன வேலை சொல்லி, அத செஞ்ச உடனே முதுகத் தட்டி நல்லா பாராட்டுறாங்க. தப்ப பத்தின பேச்சு அன்னைக்கு ராத்திரி திரும்ப வராது, அப்பா வந்த உடனே "உன் புள்ள இன்னைக்கு என்ன பண்ணான் தெரியுமா"ன்னும் வராது.

எட்டாவது படியதான் பெரும்பாலான வீட்டுல விட்டுடுறாங்க, முழு வேலையும் அதுலதான் கெட்டுப் போகுது. அவன் சேர்ல இருக்கும்போது ஆயாவோ அம்மாவோ கார எடுத்து வெச்சுட்டாங்கன்னா குழந்தை போட்டுக்குற கணக்கு என்ன? 4 நிமிஷம் உக்காந்தா அந்த வேலை நம்ம தலைய விட்டு போயிடும். கார் எடுக்கப் புடிக்காத பையனுக்கு அது நல்ல வியாபாரம். அதனால முதல்ல சொன்ன வேலை அப்படியே அவனுக்காக காத்திருக்கணும். திரும்பவும் மாட்டேன்னா திரும்பவும் சேர், அதே 4 நிமிஷம். முதல் நாள் இது மூணு தடவை ஆனாலும் ஆகும், எட்டு மணி சாப்பாடு எட்டே முக்காலுக்கு போகும், அதனால அவசரம் இல்லாத நாள்ல ஆரம்பிங்க.

முடிக்க முடியாத நேரத்துல ஆரம்பிக்கவே கூடாது. தண்ணி லாரி வந்துடுச்சு, கொடத்த தூக்கிட்டு ஓடணும்னு இருக்கும்போது சேர்ல உக்கார வெச்சா பாதியில விட்டுட்டு போவீங்க, பாதியில விட்டது அவனுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்.

## அமைதி எங்க இருந்து வருது

"பொறுமையா இருங்க"ன்னு சொல்றது சுலபம், அத நம்பி யாரும் பொறுமையா ஆனது இல்ல. இந்த முறையில அமைதி குணத்துல இருந்து வரல, நேரத்துல இருந்து வருது. பத்து தடவை சொல்லிட்டு பதினோராவது தடவை சேருக்கு அனுப்பும்போது நம்ம ரத்தம் கொதிச்சுட்டு இருக்கும், அப்ப யாராலயும் மெதுவா பேச முடியாது. ஒரு தடவை சொல்லி, ஒரு தடவை வார்னிங் குடுத்து, இருபது செகண்ட்ல அனுப்பிட்டா கோவம் சேர்றதுக்கு நேரமே இல்ல. சீக்கிரம் குடுக்குறதுதான் அமைதியா குடுக்குறதுக்கு வழி.

குரல் எப்படி இருக்கணும்னா, கொழம்புக்கு உப்பு போட்டாச்சான்னு கேப்போமே, அந்தக் குரல். கெஞ்சலும் வேணாம், மெரட்டலும் வேணாம். வசனம் முன்னாடியே முடிவாகி இருக்கணும், அஞ்சாறு வார்த்தை, வீட்டுல எல்லாரும் அதே வசனத்த சொல்லணும், அந்த நேரத்துல யோசிச்சு பேச ஆரம்பிச்சா போன வாரக் கதை, அண்ணன் பையன் எவ்ளோ சமத்துங்குற கதை எல்லாம் வந்துடும்.

கை நடுங்குற அளவுக்கு கோவம் வந்துடுச்சுன்னா அன்னைக்கு டைம் அவுட் வேணாம். குழந்தை பத்திரமா இருக்கான்னு பாத்துட்டு கிச்சனுக்கு போயி ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வாங்க. ஒரு தடவை விட்டதால எந்தப் பழக்கமும் ஒறுதியாகிடாது, ஆனா கோவத்துல தோள புடிச்சு அழுத்தி உக்கார வெச்சா அது அடிக்கிறதுக்கு பக்கத்து வீடு.

## எங்க தப்பு நடக்குது

பேச்சு. "ஏன்டா இப்படி பண்ற, எத்தனை தடவை சொல்றது, சொல்லு, இனிமே செய்வியா"ன்னு சேர் பக்கத்துலயே நின்னு பேசிட்டு இருந்தா கவனிப்பு நிக்கவே இல்ல, பேரு மட்டும்தான் டைம் அவுட். அறிவுரை சொல்லணும்னா அடுத்த நாள் ஒத்திகை நேரத்துல சொல்லலாம்.

ஆயா. இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது, பேரன் அழுதா ஆயாவுக்கு தாங்காது, முந்தானையில இருந்து ஒரு முறுக்கு வெளிய வரும், "வுடும்மா, கொழந்த தான"ன்னு ஒரு வார்த்தை வரும். ஆனா அந்த முறுக்கோட அன்னைக்கு பாடம் தலைகீழா போச்சு, வீசுனதுக்கு முறுக்கு கெடைச்ச மாதிரி ஆயிடும். சண்டை போட்டு ஆயாவ தடுக்க முடியாது, முன்னாடியே ஒக்காந்து "அத்தை, நாலே நிமிஷம்தான், நீங்க பாக்காம இருந்தா போதும், மணி அடிச்சு கார எடுத்து வெச்ச பிறகு அவன மடியில வெச்சு நீங்கதான் கதை சொல்லணும்"னு அவங்களுக்கு ஒரு வேலை குடுத்துட்டா பல வீட்டுல ஒத்துக்குவாங்க. அடிக்கிறதுக்கு பதிலாதான் இது செய்றோம்னு தெரிஞ்சா ஆயாதான் முதல்ல நம்ம பக்கம் வருவாங்க.

மெரட்டி மெரட்டி குடுக்காம விடுறது. "சேர்ல போட்டுடுவேன், பாரு, இப்ப போட்டுடுவேன்"னு நாள் முழுக்க சொல்லிட்டு ஒரு தடவை கூட செய்யலன்னா அந்த வார்த்தைக்கு வெலை இல்லாம போயிடும். வார்னிங் ஒண்ணுதான், அடுத்தது செயல்.

எழுந்து ஓடுறது. இது கிட்டத்தட்ட எல்லாக் குழந்தையும் முதல் வாரம் செய்யும். பேசாம திரும்ப கூட்டிட்டு வந்து உக்கார வெச்சு டைமர புதுசா வைக்கணும். தொரத்திப் புடிக்கிறது வெளையாட்டா மாறுதுன்னு தோணுனா, ரெண்டு மூணு தடவைக்கு மேல அவன் கூட மல்லுக்கட்ட வேணாம், "சேர்ல உக்காரல, அதனால இன்னைக்கு ராத்திரி கார்ட்டூன் இல்ல"ன்னு ஒரு தடவை சொல்லிட்டு அத கண்டிப்பா செஞ்சிடணும். கயிறு, பெல்ட், மடியில அமுக்கிப் புடிக்கிறது, கதவ பூட்டுறது எதுவும் கூடாது.

கட்டாய சாரி. சேர்ல இருந்து எறங்கணும்னா தங்கச்சிகிட்ட சாரி சொல்லுன்னு நிபந்தனை வெச்சா புது சண்டை ஆரம்பிக்கும். 4 வயசுல சொல்ற சாரி பெரும்பாலும் வெளிய வர்றதுக்கான டிக்கெட்தான். அதுக்கு பதிலா தட்டி விட்ட பொம்மைய எடுத்து தங்கச்சி கையில குடுன்னு சொல்லலாம், அது செய்யக்கூடிய வேலை.

## வேலை செய்யுதான்னு எப்படி தெரியும்

ஆரம்பிச்ச முதல் சில நாள் நெலமை மோசமாகும். இதுவரைக்கும் கத்துனா கெடைச்சது இப்ப கெடைக்கலன்னதும் குழந்தை இன்னும் சத்தமா, இன்னும் நேரம் கத்திப் பாக்கும். லிஃப்ட் வரலன்னா பட்டனை திரும்பத் திரும்ப அமுக்குவோமே, அது மாதிரிதான் இது. லைன் வீட்டுல இது நாலு வீட்டுக்கு கேக்கும், அதனால பக்கத்து வீட்டு அக்காகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க, இல்லன்னா மூணாவது நாள் அவங்க வந்து தூக்கிட்டு போயிடுவாங்க, அந்த மூணு நாள் கத்துனதுக்கும் பலன் கெடைச்சதா குழந்தை எடுத்துக்கும்.

செவுத்துல தொங்குற தினசரி காலண்டர்ல ஒவ்வொரு டைம் அவுட்டுக்கும் ஒரு கோடு போட்டு வைங்க. மனசுக்கு எப்பவும் "இவன் மாறவே இல்ல"ன்னுதான் தோணும், கோடு உண்மைய சொல்லும். கார் எடுக்காத பையனுக்கு முதல் ரெண்டு நாள் மூணு கோடு, நாலு கோடுன்னு இருந்துட்டு, வாரக் கடைசியில ஒண்ணு ரெண்டுன்னு வந்து, ரெண்டாவது வாரத்துல கோடு இல்லாத நாளும் வந்தா சரியா போகுது. அப்ப வார்னிங்லயே வேலை நடக்க ஆரம்பிச்சிருக்கும்.

ரெண்டு மூணு வாரம் ஆகியும் கோடு கொறையலன்னா நேரத்த ஏத்தாதீங்க, மூணு எடத்த பாருங்க. அவனுக்கு தெனம் கெடைக்க வேண்டிய அந்த 10 நிமிஷ வெளையாட்டு நின்னு போச்சா? சேர்ல இருக்கும்போது யாராவது பேசுறாங்களா, பாக்குறாங்களா, சிரிக்கிறாங்களா? இல்ல, சேருக்கு போறதே அவனுக்கு வேணும்ங்குற மாதிரி ஏதாவது வேலையில இருந்து தப்பிக்கிறானா?

மூணும் சரியா இருந்தும் மாறலன்னா, இல்ல குழந்தை தனியா உக்காந்திருக்கிறதையே விரும்புறான், பேரு சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான், பேச்சு வயசுக்கு வரல, தன்ன தானே அடிச்சுக்குறான், வீட்டுல ஒரு சாவோ பிரிவோ நடந்த பிறகுதான் இப்படி ஆனான்னா டைம் அவுட்ட நிறுத்திட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி குழந்தைகள் பிரிவுலயோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலயோ காட்டுங்க, அந்த காலண்டர் தாளையும் கையில எடுத்துட்டு போங்க, எந்த நாள், எத்தனை தடவை, எதுக்காகன்னு டாக்டர் முதல்ல கேக்கப் போறது அதத்தான்.